அரியர்ஸ் என்ற ஒற்றை வரி

ஜூன் மாதச் சம்பளச் சிட்டையில் எங்களுக்கு ஒரு புது வரி வந்திருந்தது. அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே, போக்குவரத்துக் கொடுப்பனவுக்கு மேலே, 'அரியர்ஸ் 30,000.00'. அவ்வளவுதான். எந்த மாதத்துக்கு எவ்வளவு, எதிலிருந்து எது கழிந்தது என்று ஒன்றும் இல்லை. ஐந்து மாதமாகக் காத்திருந்த காசு என்பதால் முதல் நாள் எல்லாருக்கும் சந்தோசம்தான். கொத்துரொட்டிக்கு ஆள் சேர்த்தாயிற்று.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறோம். மத்தியானம் ஒரே மேசையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற ஐந்து பேர். பெயர்கள் வேண்டாம், ஊர்ப் பெயரிலேயே எங்களைச் சொல்லிக்கொள்கிறோம். கிளிநொச்சிக்காரி, பருத்தித்துறைக்காரன், ஹற்றன்காரி, மார்ச்சோடு வேலையை விட்டுப்போன மன்னார்க்காரி, பிறகு இதைத் தட்டச்சு செய்கிற கை. நிறுவனத்தின் பெயரும் தேவையில்லை. இந்தக் கதை எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியது. கேட்கத் தொடங்கிய பிறகு மற்ற இடங்களில் வேலை செய்கிற கூட்டாளிகள் "எங்கட இடத்திலயும் இதுதான்" என்று சொன்னார்கள்.

விசயம் இதுதான். வருசாவருசம் ஜனவரியில் வரவேண்டிய சம்பள உயர்வு 2025இல் வரவில்லை. கேட்டால் "போர்ட் மீற்றிங் முடியட்டும்" என்றார்கள். மீற்றிங் மே மாதத்தில்தான் முடிந்தது. ஜூன் முதல் கிழமையில் கடிதம் தந்தார்கள். அடிப்படைச் சம்பளத்தில் 12.5 வீத உயர்வு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில். எங்களில் மூன்று பேருக்கு அடிப்படை 48,000 ரூபா. அது 54,000 ஆனது. வித்தியாசம் 6,000. ஜனவரி தொடக்கம் மே வரை ஐந்து மாதம். ஆறாயிரம் தர ஐந்து, முப்பதாயிரம். சிட்டையில் அதுவே இருந்தது. சின்னப்பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு. அதனால்தான் ஒருவரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

இரண்டாம் முறை பார்த்தது ஹற்றன்காரி. அவளுக்குக் காசு விசயத்தில் ஒரு சந்தேகக் குணம் உண்டு. அதுக்கு ஒரு காரணமும் உண்டு, பிறகு சொல்கிறோம். சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டது ஒரே கேள்வி. "அஞ்சு மாசமும் நம்ம ஒரே மாதிரியா சம்பளம் எடுத்தோம்?"

இல்லைதான். ஒரு மாதம் ஓ.ரி. செய்திருக்கிறோம், ஒரு மாதம் நோ பே லீவு போட்டிருக்கிறோம், ஒருவனுக்கு நடுவில் பதவி உயர்வு வந்தது. இவை எல்லாமே அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. அடிப்படை பின்திகதியிட்டு மாறினால் அதன் மேல் நிற்பவையும் பின்திகதியிட்டு மாறவேண்டும். ஆகவே நிலுவை என்பது வித்தியாசத்தை மாதங்களால் பெருக்குவது இல்லை. ஒவ்வொரு மாதத்தின் சம்பளத்தையும் புது அடிப்படையை வைத்துத் திரும்பச் செய்து, அந்த மாதத்தில் உண்மையில் தந்ததை அதிலிருந்து கழிக்கவேண்டும். அப்படி வருகிற ஐந்து மிச்சங்களின் கூட்டுத்தொகைதான் நிலுவை. எதுவுமே மாறாத ஆளுக்கு மட்டும் இரண்டு வழியும் ஒரே விடையைத் தரும்.

கிளிநொச்சிக்காரி தன் பழைய சிட்டைகளை எல்லாம் போனில் படமெடுத்து வைத்திருக்கிறவள். அதனால் அவளுடைய கணக்கையே முதலில் எடுத்தோம்.

ஜனவரியில் விசேசம் ஒன்றும் இல்லை, 6,000. பெப்ரவரியில் அவள் 12 மணித்தியாலம் ஓ.ரி. செய்திருக்கிறாள். எங்கள் இடத்தில் மாத அடிப்படையை 240ஆல் பிரித்து ஒரு மணித்தியாலத்தின் பெறுமதியை எடுத்து, அதன் ஒன்றரை மடங்கை ஓ.ரி.யாகத் தருவார்கள். 48,000இல் அது மணித்தியாலத்துக்கு 300 ரூபா. 54,000இல் 337 ரூபா 50 சதம். ஒரு மணித்தியாலத்துக்கு 37.50 குறைவாகத் தந்திருக்கிறார்கள். 12 மணித்தியாலத்துக்கு 450. ஆக பெப்ரவரிக்கு வரவேண்டியது 6,450.

மார்ச்சில் கதை மற்றப் பக்கம் போகிறது. அம்மம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க அவள் இரண்டு நாள் நோ பே போட்டவள். ஒரு நாளுக்கு அடிப்படையின் முப்பதில் ஒரு பங்கு வெட்டுவார்கள். பழைய சம்பளத்தில் இரண்டு நாளுக்கு 3,200 வெட்டினார்கள், புதியதில் வெட்டவேண்டியது 3,600. அந்த 400ஐக் கழித்தால் மார்ச்சுக்கு 5,600தான். "அதையும் நாங்களே காட்டிக் குடுக்கிறதோ?" என்று பருத்தித்துறைக்காரன் கேட்டான். காட்டத்தான் வேணும். நமக்கு வேண்டிய மாதத்தை மட்டும் சரியாகக் கணக்குப் பார்த்துக்கொண்டு போனால் கணக்குப் பகுதியில் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். பிறகு மற்ற மாதங்களைப் பற்றியும் கதைக்க முடியாது.

ஏப்ரலில் 20 மணித்தியாலம் ஓ.ரி., அதுக்கு 750, ஆக 6,750. மேயில் 8 மணித்தியாலம், அதுக்கு 300, ஆக 6,300. ஐந்தையும் கூட்டினால் 31,100. நிறுவனம் தந்தது 30,000. 1,100 ரூபா குறைவு.

ஆயிரத்து நூறு ரூபாவுக்கா இந்தப் பாடு என்று அந்த இடத்தில் எங்களுக்கே தோன்றியது. விட்டிருப்போம். ஆனால் சிட்டையின் கழிவுப் பக்கத்தையும் ஹற்றன்காரி பார்த்துவிட்டாள். ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எஃப்.க்கு, ஜூனில் கழித்திருந்தது 4,320 ரூபா. எங்கள் பங்கு 8 வீதம். 54,000இன் 8 வீதம் சரியாக 4,320. அப்படியென்றால் நிலுவைக்கு ஈ.பி.எஃப். கழிக்கப்படவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க வேறு ஒரு கடதாசியும் தேவையில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறோம். நிலுவை வந்த மாதத்தின் சிட்டையை எடுங்கள். புது அடிப்படையின் 8 வீதத்தைப் போனில் போட்டுப் பாருங்கள். ஈ.பி.எஃப். கழிவு அந்தத் தொகையாகவே இருந்தால் நிலுவை அந்த நிதிக்குப் போகவில்லை. அதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் போயிருக்கிறது. (சில கொடுப்பனவுகளுக்கும் ஈ.பி.எஃப். கழிப்பார்கள். அப்படியென்றால் போன மாதச் சிட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பிடிபடும்.)

நிலுவை என்பது போன மாதங்களின் சம்பளமே, பிந்தி வந்தது மட்டும்தான் வித்தியாசம். சம்பளத்துக்கு ஈ.பி.எஃப். உண்டென்றால் அதுக்கும் உண்டு. ஓ.ரி. காசுக்கு மட்டும் கிடையாது. எனவே கிளிநொச்சிக்காரியின் 31,100இல் ஓ.ரி. வித்தியாசமான 1,500ஐ விட்டால் மிச்சம் 29,600. அதில் அவளுடைய 8 வீதம் 2,368 ரூபா. நிறுவனம் தன் கையிலிருந்து போடவேண்டிய 12 வீதம் 3,552. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது ஈ.ரி.எஃப்.க்கு, நிறுவனம் போடவேண்டிய 3 வீதம் 888. மூன்றும் சேர்த்து 6,808 ரூபா அவள் பெயரில் போய்ச் சேரவில்லை. அதில் 4,440 நிறுவனத்தின் காசு. கடையில் அரிசி நிறுக்கிற ஆள் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி எடுத்துவைக்கிற மாதிரி, ஒருவருக்கு நாலாயிரத்துச் சொச்சம். எத்தனை பேர் வேலை செய்கிறோமோ அத்தனை பிடி.

இந்த இடத்தில்தான் மேசை இரண்டாகப் பிரிந்தது. ஏனென்றால் கணக்கைச் சரியாகச் செய்தால் கைக்கு வருகிற காசு குறையும். 31,100இலிருந்து 2,368ஐக் கழித்தால் 28,732. அவள் ஏற்கனவே 30,000 எடுத்துவிட்டாள். நியாயம் கேட்டுப் போனால் 1,268 ரூபாவைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும்!

பருத்தித்துறைக்காரன் நேராகவே சொன்னான். "ஈ.பி.எஃப். காசை அம்பத்தைஞ்சு வயசில எடுத்து என்ன செய்யிறது? இப்ப கையில இருக்கிற காசுதான் காசு." இதைச் சிரித்துத் தள்ளிவிட எங்களால் முடியவில்லை. 2022இல் காசின் பெறுமதி எப்படிக் கரைந்தது என்று கண்ட ஆட்கள் நாங்கள். ஒரு பால்மா பெட்டியின் விலையை வைத்துப் பார்த்தாலே போதும். நாளைக்கு என்று போட்டுவைக்கிற காசு நாளைக்குக் காசாக இருக்குமா என்ற பயம் எங்கள் வயதுக்காரருக்கு இருக்கிறது. ஆனாலும் அவனுடைய கணக்கில் ஒரு ஓட்டை. 1,268ஐப் பிடித்துக்கொண்டு நிற்பதற்காக 6,808ஐ விடுகிறோம். அதில் 4,440 எங்கள் சம்பளத்திலிருந்து போகிற காசே இல்லை. நிறுவனம் மேலதிகமாகத் தரவேண்டியது. ஒரு கையால் ஆயிரத்துச் சொச்சத்தைக் கொடுத்து மறு கையால் ஆறாயிரத்துச் சொச்சத்தை வாங்குவதை நட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், வாங்குகிற கை கொஞ்சம் தூரத்தில் இருந்தாலும்.

அவனுடைய சொந்தக் கணக்கு இன்னும் சிக்கல். ஏப்ரல் 1ஆம் திகதி அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. அடிப்படை 48,000இலிருந்து 55,000 ஆனது. ஜூன் கடிதத்தின்படி அந்த 55,000க்கும் 12.5 வீதம் கூட்ட 61,875. இப்போதைய வித்தியாசம் 6,875. கணக்குப் பகுதி அதை ஐந்தால் பெருக்கி 34,375 போட்டிருந்தது. ஆனால் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் அவன் பழைய தரத்தில் இருந்தவன். அந்த மூன்று மாதத்துக்கும் வித்தியாசம் 6,000தான். மூன்று மாதத்துக்கு 18,000, இரண்டு மாதத்துக்கு 13,750, மொத்தம் 31,750. 2,625 ரூபா கூடுதலாக வந்திருக்கிறது. "சத்தம் போடாதேங்கோ" என்றான். ஆனால் இப்படிக் கூடுதலாக வருவது இலவசக் காசு அல்ல. கணக்காய்வில் ஒரு நாள் பிடிபடும். அந்த மாதச் சிட்டையில் 'மீள் அறவீடு' என்று ஒரு வரி விழும், அதுவும் விளக்கம் இல்லாமல். வீட்டுக்காரருக்கு வாடகை சொல்லிவைத்த மாதத்தில்தான் அது விழும் என்பது எங்கள் அனுபவம்.

கடைசியில் நாலு பேருமாகக் கணக்குப் பகுதிக்குப் போனோம். சண்டைக்கு அல்ல. மாதம் மாதமாக எழுதிய ஒரு தாள் கையில் இருந்தது. ஒரு வரிசையில் தரவேண்டியது, அடுத்ததில் தந்தது, அதற்கடுத்ததில் மிச்சம், கடைசியில் அந்த மிச்சத்தில் ஈ.பி.எஃப்.க்கு உட்பட்டது எவ்வளவு என்று. அங்கே இருக்கிற அக்கா நல்லவர். தாளைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

சம்பள மென்பொருளில் 'அரியர்ஸ்' என்பது ஒரு கொடுப்பனவாகப் பதியப்பட்டிருந்தது, போக்குவரத்துக் கொடுப்பனவு, சாப்பாட்டுக் கொடுப்பனவு மாதிரி. ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பக்கத்தில் ஈ.பி.எஃப். உண்டா இல்லையா என்று ஒரு பெட்டி இருக்கிறது. இதை யாரோ எப்போதோ உருவாக்கியபோது அந்தப் பெட்டியில் சரி போடவில்லை. அவ்வளவுதான் கதை. முடிந்துபோன மாதங்களைத் திரும்பத் திறந்து சம்பளம் ஓடவிடவும் அந்த மென்பொருள் விடாது. "ஒரு தொகையைத் தா எண்டுதான் கேக்குது பிள்ளையள். மேலயிருந்தும் பெருக்கிப் போடச் சொன்னவை. நூற்றுப் பத்துப் பேருக்கு மாதம் மாதமாப் பாக்க எனக்கு ரெண்டு நாள்தான் தந்தவை."

களவு ஒன்றும் நடக்கவில்லை என்று அப்போது விளங்கியது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒரு வில்லனைத் தேடிப் போனவர்களுக்குச் சரி போடாத ஒரு பெட்டியும் களைத்துப்போன ஒரு அக்காவும் கிடைத்தார்கள். ஆனால் யாரும் களவெடுக்கவில்லை என்பதற்காக அந்தக் காசு எங்கள் கணக்கில் வந்துவிடப் போவதில்லை. நாங்கள் போகாமல் இருந்திருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். அடுத்த வருடம் மத்திய வங்கியிலிருந்து ஈ.பி.எஃப். கூற்று வரும்போது மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்போம். ஐந்து மாதமும் பழைய சம்பளத்துக்கே பங்களிப்பு நிற்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

ஹற்றன்காரியின் சந்தேகக் குணத்துக்குக் காரணம் இருக்கிறது என்றோமே. அவளுடைய அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தைத் தீர்மானித்துவந்த கூட்டு ஒப்பந்தம் 2015 மார்ச் 31ஆம் திகதி முடிந்தது. அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது 2016 ஒக்டோபர் 18ஆம் திகதி. நடுவில் 18 மாதத்துக்கு மேல். அந்த மாதங்கள் முழுக்கப் பழைய அடிப்படைச் சம்பளமான 450 ரூபாவுக்குத்தான் பேர் போட்டார்கள். புது ஒப்பந்தத்தில் அடிப்படை 500 ஆனது. கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து 620 ஆக இருந்த நாட்சம்பளம் 730 என்றார்கள். அந்த 730இல் ஒரு பங்கு வருகைக்கும் இன்னொரு பங்கு நிறுவை எடுப்பதற்கும் கட்டப்பட்டிருந்தது வேறு கதை. ஆனால் புதுச் சம்பளம் அந்த ஒக்டோபரிலிருந்துதான். போன 18 மாதத்துக்கும் நிலுவை இல்லை.

நிலுவை வேண்டும் என்று தொழிலாளர் கேட்டார்கள், ஆர்ப்பாட்டமும் செய்தார்கள். அவளுடைய அம்மாவும் போனவர். வீட்டில் செக்ரோல் துண்டுகளை ஒரு பிஸ்கற் டின்னில் போட்டு வைத்திருந்தார்களாம், நிலுவை வந்தால் எந்த மாதம் எத்தனை பேர் என்று காட்டவேண்டும் என்று. நாட்சம்பளக்காரருக்கு நிலுவை என்றால் அதுதான் வழி. ஒரு மாதம் 22 பேர், மழை மாதத்தில் 14 பேர், இடையில் அரைப்பேர். ஒவ்வொரு மாதத்தையும் தனியாகப் பார்க்காமல் கணக்கே கிடையாது. மாதத்துக்கு 20 பேர் என்று குத்துமதிப்பாகப் பிடித்து, அடிப்படையில் கூடிய 50 ரூபாவை மட்டும் வைத்தாலும் 18 மாதத்துக்கு 18,000 ரூபா. அந்தக் காலத்தில் அவளுக்கு ஏ.எல். ரியூசன் காசு கட்டமுடியாமல் இருந்தது. "டின்னு இன்னும் இருக்கு" என்றாள். அதுக்கு மேல் அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் எங்கள் கடிதத்தில் இருந்த 'ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில்' என்ற துண்டின் கனம் விளங்கியது. சம்பளம் கூடுகிறது என்றால் மூன்று திகதிகள் இருக்கின்றன. தீர்மானம் எடுத்த திகதி, காசு கைக்கு வருகிற திகதி, உயர்வு எந்தத் திகதியிலிருந்து செல்லும் என்று எழுதப்பட்ட திகதி. நிலுவை பிறப்பது மூன்றாவதிலிருந்துதான். அந்த மூன்றாவது திகதி பின்னுக்குப் போகாவிட்டால் எத்தனை மாதம் பிந்தினாலும் நிலுவை என்று ஒன்று இல்லை. எங்களுக்கு அது ஒரு வரியில் எழுதித் தரப்பட்டது. தோட்டத்தில் அந்த ஒரு வரியை எழுதுவிக்க முடியாமல் போனது.

பின்னுக்குப் போட்டாலும்கூட நிலுவை எல்லாவற்றையும் ஈடு செய்யாது. அதுக்கு வட்டி கிடையாது. கிளிநொச்சிக்காரி பெப்ரவரியில் ஒரு சங்கிலியை அடகு வைத்தவள். மாதம் ஆறாயிரம் அப்போதே வந்திருந்தால் வைத்திருக்கமாட்டாள். ஜூனில் நிலுவையை எடுத்துக்கொண்டு போய் மீட்டபோது அந்த வட்டியை அவளே கட்டினாள். எங்கள் தாளில் அதை எழுத ஒரு வரிசை இல்லை.

மன்னார்க்காரியின் விசயம்தான் எங்களுக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஆறு வருசம் வேலை செய்துவிட்டு மார்ச் 31ஆம் திகதி விலகினவள். கலியாணம் கட்டிப் போகிறாள் என்று கேக் வெட்டி அனுப்பினோம். அவளுடைய அடிப்படை 52,000. உயர்வு ஜனவரியிலிருந்து செல்லும் என்றால் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் அவளுக்கும் 58,500 வரவேண்டும். மாதத்துக்கு 6,500, மூன்று மாதத்துக்கு 19,500. அவளுக்கு ஒரு சதமும் வரவில்லை. "ஜூன் பட்டியலில் பெயர் இருக்கிற ஆக்களுக்குத்தான்" என்றார் சேர்.

அதோடு முடியவில்லை. ஐந்து வருசத்துக்கு மேல் வேலை செய்தவர் விலகும்போது பணிக்கொடை கிடைக்கும். முடித்த ஒவ்வொரு வருசத்துக்கும் கடைசியாக எடுத்த சம்பளத்தில் அரை மாதம். அவளுக்கு 52,000இன் அரைவாசியை ஆறால் பெருக்கி 156,000 கொடுத்தார்கள். கடைசிச் சம்பளம் 58,500 என்று எடுத்தால் அது 175,500 ஆகவேண்டும். அங்கேயும் 19,500 வித்தியாசம். இரண்டும் சேர்த்து 39,000 ரூபா. எங்களுக்கு வந்த நிலுவையைவிட வேலையில் இல்லாத அவளுக்கு வரவேண்டியது கூட!

இதில் எல்லாம் கடிதத்தின் சொல்லில் தொங்குகிறது. 'ஜனவரி 1ஆம் திகதி சேவையிலிருந்த ஊழியர்கள்' என்று தீர்மானம் இருந்தால் அவள் உள்ளே. 'தற்போது சேவையிலுள்ள ஊழியர்கள்' என்று இருந்தால் நிறுவனத்துக்குச் சொல்ல ஒரு வாய் இருக்கிறது. எங்களுக்குத் தந்த கடிதங்கள் ஆளாளுக்குப் பெயர் போட்டு எழுதியவை, அதில் இரண்டும் இல்லை. போர்ட் எடுத்த தீர்மானத்தின் வாசகத்தைத்தான் பார்க்கவேண்டும். அதை எங்களுக்குக் காட்டமாட்டார்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போட்டால் விசாரணைக்கு வருகிற அதிகாரி அதைக் கேட்கலாம். அதனால் அவளைத்தான் போடச் சொன்னோம். எங்களில் யாராவது போட்டால் அடுத்த ஜனவரியில் எங்கள் உயர்வைப் பற்றி யோசிக்கவேண்டி வரும். அவளுக்கு அந்தப் பயம் இல்லை. இப்படிச் சொல்ல எங்களுக்கு வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் மேசையில் கதைத்தது அதுதான்.

எங்கள் நாலு பேருடையது ஓகஸ்டில் சரியானது. கணக்குப் பகுதி அக்கா எங்கள் தாளின் மாதிரியிலேயே ஒரு எக்செல் சீற் செய்து நூற்றுப் பத்துப் பேருக்கும் மாதம் மாதமாகப் போட்டார். அதுக்கு மூன்று கிழமை எடுத்தது. நிலுவைக்கான ஈ.பி.எஃப்., ஈ.ரி.எஃப். பங்களிப்புகளை நிறுவனம் கட்டியது. கிளிநொச்சிக்காரியின் சிட்டையில் 1,268 ரூபா கழிந்திருந்தது. பருத்தித்துறைக்காரனுக்கு 2,625ஓடு ஈ.பி.எஃப். பங்கும் சேர்த்து வெட்ட ஐயாயிரத்தைத் தாண்டியது. அதை இரண்டு மாதமாகப் பிரித்து வெட்டச் சொல்லிக் கேட்டு, அப்படியே செய்தார்கள். அவன் எங்களோடு நாலு நாள் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து இருந்துகொண்டு, தன் ஏப்ரல் மாத ஓ.ரி.யை 48,000இலா 61,875இலா கணக்குப் பார்த்தார்கள் என்று கேட்டான். பார்த்தோம். அதிலும் பிழை இருந்தது.

மன்னார்க்காரி முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்துவிட்டாள். தன் ஆறு வருசச் சிட்டைகளில் கடைசி மூன்றை மட்டும் காணவில்லை என்று போன கிழமை போன் எடுத்தவள். விலகுகிற மாதம் மேசையைத் துப்புரவாக்கும்போது கிழித்துப் போட்டிருக்கலாம் என்றாள். அந்த மூன்றின் பிரதிகளைக் கணக்குப் பகுதி அக்காவிடம் கேட்டிருக்கிறோம். சேர் இல்லாத நாளாகப் பார்த்து எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.